செம்பா, பித்தளையா?

சுத்தமான செம்பு மிகவும் மென்மையானது. காய்ச்சி ஆறவிட்ட செம்புக் கம்பியைக் கையாலேயே வளைக்கலாம். அதன் அணுக்கள் எல்லாம் ஒரே அளவில் வரிசையாக அடுக்கியிருப்பதால், அழுத்தம் வந்ததும் ஒரு வரிசை இன்னொன்றின் மேல் எளிதாக வழுக்கிவிடுகிறது. அதில் துத்தநாகத்தைக் கலந்தால் பித்தளை. துத்தநாக அணு சற்றே பெரியது, சுமார் 4 சதவீதம். அது உட்கார்ந்த இடத்தில் வரிசை கோணிக்கொள்வதால், வழுக்கல் அங்கங்கே சிக்கி நிற்கிறது.

70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம் கொண்ட பித்தளை செம்பைவிட வலுவானது. அதோடு அறுந்துபோகாமல் கூடுதலாக நீளவும் செய்கிறது. வலிமை ஏறினால் இழுபடும் தன்மை குறைவதுதான் வழக்கம். இங்கே இரண்டும் சேர்ந்தே ஏறுகின்றன! தகட்டை ஆழமாக இழுத்துத் தோட்டா உறை செய்ய இந்தக் கலவையைத் தேர்ந்தெடுத்ததற்கு அதுதான் காரணம்.

துத்தநாகத்தை 40 பங்காக்கினால் கதை மாறும். உள்ளே இன்னொரு படிக அமைப்பு உருவாகி, குளிர்ந்த நிலையில் வளைக்க முரண்டு பிடிக்கும். ஆனால் சூடாக அடித்து உருவாக்க அருமையானது. கொஞ்சம் ஈயமும் சேர்த்துவிட்டால் லேத்தில் சீவல் துண்டு துண்டாக உதிரும். சுத்தச் செம்பின் சீவலோ நீளமாகச் சுருண்டு வெட்டுளியில் ஒட்டிக்கொண்டு படுத்தும்.

எஃகின் வழி வேறு. கார்பன் அணு மிகச் சிறியது. இரும்பின் இடுக்குகளில் போய் நுழைந்துகொள்கிறது. 0.8 சதவீதமே போதும், பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்தால் எஃகு கடினமாகிவிடும். அப்படியே விட்டால் கண்ணாடி மாதிரி உடையும் என்பதால், அப்புறம் மிதமாகச் சூடாக்கிப் பதப்படுத்த வேண்டும். சாதாரணப் பித்தளையை இப்படித் தோய்த்துக் கடினமாக்க முடியாது. அடித்தோ உருட்டியோதான் இறுக்க வேண்டும்.

சரி, செம்பு ஜெயிக்கும் இடம் எது? மின்சாரம். 70/30 பித்தளை செம்பின் மின்கடத்தலில் ஏறக்குறைய 28 சதவீதம்தான் தரும். வழுக்கலைத் தடுத்த அதே ஒழுங்கின்மை எலக்ட்ரான்களையும் சிதறடிக்கிறது. ஆகவே மின்கம்பிக்குச் செம்பை விட்டுவிட்டுப் பித்தளையைத் தேடுவது வீண்.

பித்தளைக்கு இரண்டு பலவீனங்கள் உண்டு. பிரிட்டிஷ் இந்தியாவில் குதிரை லாயங்களில் சேமித்து வைத்த தோட்டா உறைகள் மழைக்காலத்தில் தாமாகவே விரிசல் விட்டன. குதிரைச் சிறுநீரிலிருந்து எழுந்த அம்மோனியா, ஈரம், உறையை இழுத்தபோது உள்ளே தங்கிய இறுக்கம், இந்த மூன்றும் சேர்ந்த வேலை அது. உருவாக்கிய பின் சுமார் 250 முதல் 300 டிகிரியில் சூடாக்கி அந்த இறுக்கத்தைத் தளர்த்துவதே பரிகாரம்.

இரண்டாவது, தண்ணீரில் துத்தநாகம் மட்டும் கரைந்து வெளியேறுவது. மஞ்சள் குழாய்ப் பாகத்தில் செம்பு நிறத் திட்டு தெரிந்தால் சந்தேகப்படுங்கள். பாகத்தின் வடிவம் மாறாது. ஆனால் அந்த இடத்தில் மிஞ்சியிருப்பது பஞ்சு போன்ற செம்பு. ஸ்பானரை வைத்துத் திருகினால் உடைந்து கையோடு வந்துவிடும்.