ஒரே லாக்டேட் சோதனை, மூன்று த்ரெஷோல்டு: எதை நம்புவது?

ஓட்டம் கடினமாகும்போது ரத்தத்தில் கூடும் பொருள்தான் லாக்டேட்; எந்த வேகத்தைத் தாண்டினால் அது நிலையாக நிற்காமல் ஏறிக்கொண்டே போகிறதோ, அதுதான் த்ரெஷோல்டு, அதாவது எல்லை. விரலில் குத்தி லாக்டேட் பார்ப்பவர்கள் பலரும் மீட்டரைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். ஆனால் அதே எண்களை எந்த முறையில் படிக்கிறோம் என்பதில்தான் பெரிய வித்தியாசம் வருகிறது. ட்ரெட்மில்லில் நான்கு நிமிடப் படிகளாக நான் ஓடிய சோதனையையே எடுத்துக்கொள்வோம்.

மணிக்கு 9, 10, 11 கி.மீ. வேகத்தில் லாக்டேட் 1.1, 1.0, 1.2 மில்லிமோல். 12-இல் 1.6, 13-இல் 2.4, 14-இல் 3.7, 15-இல் 6.4. இதயத்துடிப்பு 12-இல் 152, 13-இல் 160, 14-இல் 168.

முதல் முறை, 4 மில்லிமோல் என்ற நிலையான கோடு. அது 14.1 கி.மீ. என்கிறது. இந்த இடத்தில் வளைவு செங்குத்தாக ஏறுவதால், மீட்டர் 0.3 தவறினாலும் விடை 0.1 கி.மீ.தான் நகரும். ஆனால் எல்லோருக்கும் 4 பொருந்தாது. சிலருக்கு 3-க்குக் கீழேயே எல்லை வந்துவிடும். மாவுச்சத்து குறைந்த உடலோடு ஓடினால் வளைவே கீழிறங்கி, வேகம் கூடிவிட்டதுபோல் ஏமாற்றும்.

டிமேக்ஸ் முறையில், முதல் புள்ளியையும் கடைசிப் புள்ளியையும் நேர்கோட்டால் இணைத்து, வளைவு அதிலிருந்து அதிகம் விலகும் இடத்தைப் பார்க்க வேண்டும். எனக்குச் சுமார் 12.7 வந்தது. சரி, நான் 14-இலேயே நிறுத்தியிருந்தால்? சுமார் 12-க்கு இறங்கிவிடும். எங்கே களைத்து நின்றோம் என்பதே விடையை மாற்றுவதால் இதை நான் விட்டுவிட்டேன்.

மூன்றாவது, அடிமட்டத்திலிருந்து கூட்டுவது. முதல் மூன்று படிகளின் சராசரி 1.1. அதோடு 0.5 கூட்டினால் 1.6, அதாவது 12 கி.மீ.: லாக்டேட் அடிமட்டத்தை விட்டு ஏறத் தொடங்கும் முதல் எல்லை. 1.5 கூட்டினால் 2.6, ஏறக்குறைய 13.2 கி.மீ.: இரண்டாவது எல்லை, நாம் தேடும் த்ரெஷோல்டு. இங்கே வளைவு தட்டையாக இருப்பதால் சின்னத் தவறும் பெரிதாகும். ஒற்றை அளவை மட்டும் நம்பி அடிமட்டம் 1.3 என்று வைத்திருந்தால், முதல் எல்லை 12.25-க்கு ஓடிவிடும். அதனால்தான் சராசரி. வியர்வையிலும் லாக்டேட் நிறைய உண்டு. விரலைத் துடைத்து உலர்த்தி, முதல் துளியை வழித்தெறிந்துவிட்டு இரண்டாவது துளியை ஸ்ட்ரிப்பில் எடுக்க வேண்டும். முந்தைய படியைவிட ஒரே படி மட்டும் திடீரென்று எகிறி, அடுத்தது மறுபடி இறங்கினால், அது வியர்வைதான் என்று சந்தேகப்படுங்கள்.

மூன்றில் எது சரி என்று தீர்மானிக்க, வேறு நாள்களில், ஒவ்வொரு முறையும் 30 நிமிடம் ஒரே வேகத்தில் ஓடினேன். 10-ஆவது நிமிடத்துக்கும் 30-ஆவது நிமிடத்துக்கும் இடையே லாக்டேட் ஏற்றம் 1 மில்லிமோலைத் தாண்டாவிட்டால், அந்த வேகம் எல்லைக்குள் இருக்கிறது. 14 கி.மீ.-இல் 4.1 இருந்தது 6.0 ஆனது. 13.2-இல் 3.0 இருந்தது 3.4-இல் நின்றது. மூன்றாவது முறைதான் என் உடலுக்குப் பொருந்தியது.

அப்புறம் பயிற்சி மண்டலங்களைப் பிரிப்பது எளிதாகிவிட்டது. 152 துடிப்புக்குக் கீழே நீண்ட, இலகுவான ஓட்டங்கள். 152 முதல் 161 வரை டெம்போ. அதற்கு மேல் குறுகிய இன்டர்வல்கள் மட்டும். 4 மில்லிமோல் கோட்டை நம்பியிருந்தால் என் டெம்போ ஓட்டங்கள் 168 துடிப்பில் போயிருக்கும்.