ஆர்டர் கணக்கில் கமிஷன் கேட்கும் ஏஜென்சியா? முதலில் கூப்பன் கோடைப் பாருங்க

சென்னிமலை பெட்ஷீட், போர்வை விற்கிற சின்னக் கடை எங்களுடையது. பாதி வியாபாரம் நேரில், பாதி எங்கள் வெப்சைட்டில். கோவையில் இருந்து ஒரு ஏஜென்சி வந்து இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் இரண்டையும் தாங்களே பார்த்துக்கொள்கிறோம், மாதம் 8,000 ரூபாய், அது போக தாங்கள் கொடுக்கிற கூப்பன் கோடில் வருகிற ஒவ்வொரு ஆர்டருக்கும் 40 ரூபாய் என்றார்கள். எந்த கேப்ஷன் ஆர்டர் கொண்டுவருகிறது என்று கோட், ஷார்ட் லிங்க் வைத்துத் துல்லியமாகக் காட்டுவோம் என்பதுதான் அவர்கள் பேச்சிலேயே பெரிய கவர்ச்சி.

முதல் மாத பில்லில் `VEEDU10` கோட் போட்டு 64 ஆர்டர் என்று இருந்தது. ஏஜென்சிப் பையன் போனில், "அண்ணா, பாட்டி போர்வை கேப்ஷன்தான் பிச்சுக்கிட்டுப் போகுது, லைக்கைப் பாருங்க" என்றான். லைக் இருந்தது உண்மைதான். ஆனால் பேக்கிங் பார்க்கிற என் தங்கச்சி, "ஏண்ணா, இதுல பாதிப் பேரு நம்ம பழைய ஆளுங்கதானே, முகவரி எனக்கே மனப்பாடமாச்சே" என்றாள்.

சரி என்று வெப்சைட்டில் இருந்து ஆர்டர் பட்டியலை எக்செலில் இறக்கி, கூப்பன் என்கிற பத்தியில் `VEEDU10` மட்டும் வடிகட்டி, போன் நம்பரை முந்தைய ஆர்டர்களோடு ஒப்பிட்டோம். 64-இல் 41 பேர் முன்பே வாங்கியவர்கள். அவர்களுக்குக் கோட் எப்படிப் போனது என்று பார்த்தால், எங்கள் வெப்சைட்டின் முகப்பிலேயே மேல்பட்டையில் அதே கோடை இந்த ஏஜென்சி ஒட்டி வைத்திருக்கிறது. வழக்கமாக முழு விலைக்கு வாங்குகிறவர் உள்ளே வந்ததும் கோடைப் பார்க்கிறார், போடுகிறார், அது கேப்ஷன் கொண்டுவந்த ஆர்டராகக் கணக்கில் ஏறிவிடுகிறது. 900 ரூபாய் செட்டில் 90 ரூபாய் தள்ளுபடி, மேலே 40 கமிஷன், தானாக வந்திருக்கக்கூடிய ஆர்டருக்கு 130 ரூபாய் தண்டம்.

லிங்க் கதை இன்னும் மோசம். மூன்று கேப்ஷனுக்கு மூன்று ஷார்ட் லிங்க் கொடுத்திருந்தார்கள். மூன்றையும் தட்டி, பக்கம் திறந்ததும் மேலே முகவரியைப் பார்த்தேன். மூன்றும் ஒரே முகவரி, பின்னால் எந்த அடையாளமும் இல்லை. ஒழுங்காகச் செய்திருந்தால் கடைசியில் இப்படி ஒரு வால் இருக்கும், கேப்ஷனுக்குக் கேப்ஷன் கடைசிச் சொல் மாறும்:

```
?utm_source=facebook&utm_medium=social&utm_content=saayam
```

இது இல்லாவிட்டால் ஷார்ட் லிங்க்கில் எத்தனை கிளிக் என்று மட்டும்தான் தெரியும். அதிலும் மனிதர் தட்டாமல் இயந்திரங்கள் திறந்து பார்ப்பதும் கலந்திருக்கலாம். தட்டியவர் வாங்கினாரா என்பதை ஷார்ட் லிங்க் சொல்லாது. தவிர, இன்ஸ்டாகிராம் கேப்ஷனில் போடுகிற லிங்க்கைத் தட்டவே முடியாது, வெறும் எழுத்தாகத்தான் நிற்கும். அங்கே லிங்க் வேலை செய்வது பயோவிலும் ஸ்டோரியிலும்தான். அங்கே கேப்ஷனைத் தனியாக அடையாளம் காட்டக்கூடியது அதற்கென்றே வைத்த கோட் ஒன்றுதான், அதையும் மூன்றுக்கும் பொதுவாக வைத்துவிட்டால் அப்புறம் எதை வைத்துப் பாட்டி ஜெயித்தாள் என்றான் என்று தெரியவில்லை.

முகப்புப் பட்டையை எடுத்துவிட்டு நாங்களே போட்டுப் பார்த்தோம். சாயம் போகுமா, முதல் தடவை எப்படி அலசுவது என்கிற கேப்ஷனுக்கு `SAAYAM10`, கட்டில் அளவுக்கு எந்த பெட்ஷீட் என்பதற்கு `ALAVU10`, பாட்டிக்கு `PAATTI10`. மூன்றுக்கும் அதே பத்து சதவீதம், ஒன்றுக்குக் கூடக் கொடுத்தால் ஜெயிப்பது தள்ளுபடிதானே தவிர கேப்ஷன் இல்லை. ஒருவருக்கு ஒரு தடவைதான் என்று வரம்பும் முடியும் தேதியும் வைத்தோம். வந்தது அளவுக்கு 14, சாயத்துக்கு 11, பாட்டிக்கு 2. லைக்கில் அப்போதும் பாட்டிதான் முதலிடம்! 14-க்கும் 11-க்கும் நடுவில் வித்தியாசம் என்று நான் பேச மாட்டேன், அடுத்த மாதம் தலைகீழாகலாம். ஆனால் 2 என்பது கண்ணுக்குத் தெரிகிறது. போனில் ஆர்டர் சொல்கிறவர்கள் கோட் போடுவதில்லை, அதனால் அவர்களிடம் எதைப் பார்த்துக் கூப்பிட்டீங்க என்று தங்கச்சி கேட்டு நோட்டில் எழுதிவைக்கிறாள்.

ஏஜென்சியிடம் 41 ஆர்டர் கமிஷனைத் திருப்பிக் கேட்டதற்கு, கோட் போட்டால் கமிஷன் என்றுதான் ஒப்பந்தம், புது வாடிக்கையாளர் என்று எங்கே எழுதியிருக்கிறது என்கிறார்கள். எழுதவில்லைதான். அதைவிட வயிற்றெரிச்சல், பார்சல் ஸ்டிக்கரில் அச்சடித்த க்யூஆர் கோட் அவர்கள் கணக்கில் இருக்கிற ஷார்ட் லிங்க்குக்குப் போகிறது. நாளைக்கு அதை வேறு கடைக்குத் திருப்பிவிட்டாலும் நாங்கள் ஒன்றும் செய்ய முடியாது. இருக்கிற ஸ்டிக்கரையெல்லாம் ஓரமாகப் போட்டுவிட்டு எங்கள் வெப்சைட் முகவரியையே நேராக வைத்துப் புதிதாக அச்சுக்குக் கொடுத்திருக்கிறோம். இதே மாதிரி ஆள் வைத்திருக்கிறவர்கள் இந்த மாத பில்லைக் கட்டுவதற்கு முன்னால் ஷார்ட் லிங்க் யார் கணக்கில் இருக்கிறது என்று கேட்டு, அதன் உள்நுழைவைக் கையில் வாங்கிவிடுங்கள்.