லீவு நோட்டீஸை அரபியிலும் போட்டு ஒரு வருஷம்: அந்த "9 - 1" படுத்திய பாடு

பாண்டிச்சேரியில் ஊதுபத்தி வியாபாரம் செய்யும் நண்பர் நேற்று போனில் கேட்டார்: "உங்க கடை லீவு நோட்டீஸை அரபியிலயும் அனுப்புறீங்களே, பிரயோஜனம் இருக்கா? நானும் ஆரம்பிக்கலாமா?" ஒரு வார்த்தையில் சொல்லிவிடக்கூடிய விஷயமில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

எங்களுடையது திருப்பாதிரிப்புலியூரில் முந்திரிக் கடை. மஸ்கட், ஷார்ஜா, குவைத்தில் இருக்கும் சில மளிகைக்காரர்கள் வாட்ஸ்அப்பில் ஆர்டர் போடுவார்கள். பொங்கல், தீபாவளி என்றால் அவர்களுக்குத் தேதி தெரியாது. நாம் கடை மூடியிருக்கும்போது அழைத்துவிட்டுக் கோபித்துக்கொள்வார்கள். மஸ்கட்டில் பல வருஷம் இருந்துவிட்டு வந்த பரங்கிப்பேட்டை பாய் ஒருவர் எழுதித் தர, 2025 பொங்கலுக்கு ஆரம்பித்தோம்.

முதல் தடவையே எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஜனவரி 15 என்று இருக்க வேண்டிய இடத்தில் ஒரு குச்சி, பக்கத்தில் ஒரு வட்டம். "பாய், பதினஞ்சு பத்துன்னு விழுந்திருக்கு" என்றேன். "இல்ல தம்பி, அந்த வட்டம்தான் அஞ்சு. சைபர் வெறும் புள்ளி" என்று விரலால் தொட்டுக் காட்டினார். அதன்பிறகு நாம் எழுதும் எண்ணையே போடச் சொல்லிவிட்டேன். வளைகுடாவில் இரண்டையும் வாசிப்பார்கள்; எனக்கும் சரிபார்க்க முடிகிறது.

உண்மையான தலைவலி 2025 தீபாவளிக்கு வந்தது. அக்டோபர் 20, திங்கட்கிழமை, காலை 9 முதல் மதியம் 1 வரை மட்டும் கடை. பாய் போனில் தட்டி அனுப்பியது சரியாகவே இருந்தது. அரபியை வலமிருந்து இடமாக வாசிப்பார்கள். 9 தட்டி, கோடு போட்டு, 1 தட்டினால், முதலில் தட்டிய 9 வலது பக்கம் போய் உட்காரும், 1 இடது பக்கம் வரும். நம் கண்ணுக்கு "1 - 9" என்று தெரியும். அவர்கள் வலப்பக்கத்திலிருந்து படிப்பதால் 9 முதல் 1 என்றே புரிந்துகொள்வார்கள். நோட்டீஸை டிசைன் செய்த தம்பி இதைப் பார்த்து, நேரம் மாறிவிட்டது என்று நினைத்து, நல்லெண்ணத்தில் இரண்டு எண்ணையும் இடம் மாற்றிவிட்டார். தமிழ்ப் பகுதியில் 9 - 1, அரபிப் பகுதியிலும் 9 - 1. பார்க்க அழகாகப் பொருந்தியிருந்தது. நானும் சரி என்று சொல்லிவிட்டேன்.

மஸ்கட்காரர் அதை மதியம் 1 முதல் இரவு 9 வரை என்று படித்தார். நம் நேரம் மூன்றரைக்கு, அதாவது அவருக்கு இரண்டு மணிக்கு அழைக்க ஆரம்பித்திருக்கிறார். நான் வீட்டில் போனைச் சார்ஜில் போட்டுவிட்டுப் பிள்ளைகளோடு இருந்தேன். எடுத்துப் பார்த்தால் ஏழு மிஸ்டு கால். பத்து டின் ஆர்டர் வேறு கடைக்குப் போய்விட்டது. யார் மேல் கோபப்படுவது? பாய் மேல் தப்பில்லை, டிசைன் தம்பிக்கு அரபி தெரியாது. ஓகே சொன்னது நான்.

2026 பொங்கலுக்குக் கோட்டையே தூக்கிவிட்டோம். "காலை மணி 9 முதல் மதியம் மணி 1 வரை" என்று, முதல், வரை என்பதற்கு அரபியில் உள்ள மின், இலா என்ற சொற்களைப் போட்டு எழுதச் சொன்னேன். நடுவில் சொல் வந்துவிட்டதால் எந்த எண் முதலில் என்று யாருக்கும் குழப்பமில்லை. "இந்திய நேரம்" என்று ஒரு வரியும் சேர்த்தோம். ஓமானும் அமீரகமும் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால், குவைத்தும் சவுதியும் இரண்டரை. "17 வரை விடுமுறை" என்பதையும் எடுத்துவிட்டு, "18 ஞாயிறு கடை திறப்பு" என்று போட்டோம். 17 அன்று கடை உண்டா இல்லையா என்று தமிழில் படிப்பவர்களே கேட்பார்கள். அரபி எழுத்துகள் ஒட்டாமல் தனித்தனியாகப் பிரிந்து நின்றால் டிசைன் சாப்ட்வேர் சரியில்லை என்று அர்த்தம். அப்படி வந்ததை அனுப்பவே கூடாது. முடிந்ததும் பாயிடம் காட்டி, அவர் வாய்விட்டுப் படிப்பதை நான் தமிழில் எழுதிக்கொண்டு ஒப்பிடுகிறேன். ஐந்து நிமிஷ வேலை.

அந்தப் பொங்கலுக்கு ஒரு மிஸ்டு கால் இல்லை. குவைத்காரர் போகிக்கு முந்தின நாளே, 13ஆம் தேதி, ஆர்டரைப் போட்டுவிட்டு "18 அன்று அனுப்புங்கள்" என்று எழுதியிருந்தார். இந்த வருஷத்தில் எனக்கு இதைவிடச் சந்தோஷம் தந்த மெசேஜ் கிடையாது.

இவ்வளவும் சொல்லிவிட்டு நண்பருக்கு நான் சொன்ன பதில்: ஆரம்பிக்காதீர்கள். வாய்விட்டுப் படித்துக்காட்ட உங்கள் பக்கத்தில் ஓர் ஆள் இல்லை. எனக்குப் பாய் இருக்கிறார். நவம்பர் 8 தீபாவளிக்கான நோட்டீஸுக்கு இப்போதே அவரிடம் சொல்லி வைத்துவிட்டேன்.