சேலம், நியூஜெர்சி, மெல்போர்ன்: ஞாயிறு காலை ஆறரை மணி வீடியோ கால்

அம்மாவும் நானும் சேலம் அம்மாபேட்டையில், அண்ணன் குடும்பம் நியூஜெர்சியில், தங்கச்சி மெல்போர்னில். வாரம் ஒரு முறை எல்லோரும் வீடியோவில் பேசுவதற்குச் சில வருடங்களாகக் கூகுள் காலண்டரில் நேரம் குறித்து வைத்திருக்கிறோம். பேசுவது வாட்ஸ்அப்பில்தான், காலண்டர் நினைவூட்ட மட்டும்.

முதலில் அந்த வாராந்திர நிகழ்வைப் போட்டது அண்ணன். அவருக்குச் சனி இரவு 9 மணி, நமக்கு ஞாயிறு காலை 7:30. பனிக்காலம் முழுக்க ஒழுங்காக நடந்தது. மார்ச்சில் ஒரு ஞாயிறு, என் போனில் நினைவூட்டல் ஒரு மணி நேரம் முன்னதாகவே, 6:30க்கு அடித்தது. அம்மா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நடக்கிறவர். ஏழரைக்குத்தானே என்று குளிக்கப் போய்விட்டார். அவர் வந்து உட்காரும்போது பேத்தி தூங்கியிருந்தாள்.

நடந்தது இதுதான். அமெரிக்காவில் மார்ச் இரண்டாவது ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவார்கள், நவம்பர் முதல் ஞாயிறு பின்னே இழுப்பார்கள். இந்தியாவில் அந்தப் பழக்கம் இல்லை. நிகழ்வு எந்த ஊர் நேரத்தில் போடப்பட்டதோ அந்த ஊரில் அது அசையாது, மற்ற ஊர்களில் நகரும். நியூஜெர்சியில் இரவு 9 அப்படியே நின்றது, சேலத்தில் ஏழரை ஆறரையானது. காலண்டர் சொன்ன வேலையைச் சரியாகவே செய்தது.

ஆக, யார் வீட்டு நேரம் அசையாமல் இருக்க வேண்டும் என்பதுதான் முதல் கேள்வி. எங்களுக்குப் பதில் அம்மாதான். பேசி முடித்துத்தான் உழவர் சந்தைக்குக் கிளம்புவார். மற்ற இருவருக்கும் போன் மாற்றிச் சொல்லிவிடும். அதனால் புதிதாக நான் போட்டேன். நிகழ்வைத் திறந்து, நேரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் Time zone-ஐத் தொட்டு Kolkata என்று தேடி இந்திய நேரத்தை வைத்தேன். ஞாயிறு காலை 6:30, வாராவாரம்.

அப்புறம் காலண்டரை வரப்போகும் ஒரு வருடத்துக்குத் தள்ளிப் பார்த்தோம். இதைக் கட்டாயம் செய்யுங்கள். ஜனவரி, மார்ச் கடைசி, ஜூன், அக்டோபர் நடு என நான்கு ஞாயிறுகளை மூன்று போன்களிலும் திறந்து பாருங்கள். சேலத்தில் நான்கிலும் 6:30 இருந்தால் சரி. மாறினால் நிகழ்வு வேறு ஊர் நேரத்தில் கட்டுண்டிருக்கிறது.

நான்கு ஏன் என்றால், ஆஸ்திரேலியா தலைகீழ். மெல்போர்னில் கோடை நேரம் அக்டோபர் முதல் ஞாயிறு தொடங்கி ஏப்ரல் முதல் ஞாயிறு முடியும். நமக்கு 6:30 என்றால் ஜனவரியில் அண்ணனுக்குச் சனி இரவு 8, தங்கச்சிக்கு ஞாயிறு பகல் 12. ஜூனில் அவருக்கு 9, இவளுக்கு 11. நடுவில் மார்ச்சிலும் அக்டோபரிலும் சில வாரங்கள் இரண்டு ஊரும் கோடை நேரத்தில் இருக்கும். அப்போது 9ம் 12ம். அண்ணனும் தங்கச்சியும் வாய்க்கணக்குப் போட்டுத் தடுமாறுவது அந்த வாரங்களில்தான். (பிரிஸ்பேனில் கடிகாரத்தை மாற்றுவதே இல்லை. தங்கச்சியின் தோழி அங்கே இருக்கிறாள். அதனால் ஆஸ்திரேலியா நேரம் என்று பொதுவாகச் சொல்லாமல் ஊர்ப் பெயரைச் சொல்லுங்கள்.)

மாற்றம் எந்த வாரத்தில் தெரியும் என்பதும் ஊருக்கு ஊர் வேறு. 2026 நவம்பர் 1 அன்று அமெரிக்காவில் நேரம் மாறுவது விடிகாலை 2 மணிக்கு. நம் ஞாயிறு காலை அங்கே இன்னும் அக்டோபர் 31 இரவுதான், அதனால் அந்த வாரம் அண்ணனுக்கு 9 மணியேதான். 8 ஆவது அடுத்த வாரம், நவம்பர் 8, தீபாவளியன்று. மெல்போர்னிலோ மாறும் ஞாயிறு அன்றே தெரிந்துவிடும்.

குறை என்று சொன்னால், பேத்திக்கு அங்கே கோடையில் 9 மணி தாமதம்தான். மறுநாள் பள்ளி இல்லாததால் அண்ணி ஒத்துக்கொண்டார். ஞாயிறு இரவாக இருந்தால் இந்த ஏற்பாடு நிற்காது. மே மாதம் அம்மா ஏற்காட்டில் சித்தி வீட்டில் இருப்பார். அங்கே உள்ளறையில் சிக்னல் விட்டுவிட்டு வரும், வாசல் திண்ணையில்தான் படம் தெளிவாக வரும். நேரம் அதேதான், இடம் மட்டும் மாறும்.

வார நாளில் வரும் பண்டிகைக்குத் தனி நிகழ்வு போடுகிறோம். பொங்கலன்று காலை 6:30 என்றால் தங்கச்சிக்கு 12 மணி, அலுவலகத்தில் சாப்பாட்டு இடைவேளை. அண்ணனுக்கு முதல் நாள் இரவு 8. அவர் தேதியை மறுநாளுக்குக் குறித்துக்கொள்ளாமல் இருக்க, குடும்பக் குழுவில் "உங்களுக்கு 14ஆம் தேதி இரவு" என்று கிழமையோடு எழுதி அனுப்பிவிடுகிறேன்.