‘அலசக்கூடத் தேவையில்லை’ என்ற ஒரு சொல்லை நம்பி 2,340 ரூபாயை இழந்த கதை

மதுரையில் கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போகவும். மாசி வீதிகளை ஒட்டிய ஒரு தெருவில் இருக்கும் குழந்தைப் பொருட்கடையில் கடந்த வாரம் 2,340 ரூபாய் கொடுத்துப் பால் பாட்டில் கழுவும் திரவம் இரண்டு கேனும், கிருமிநீக்கும் ஸ்ப்ரே ஒன்றும் வாங்கினேன். மூன்றும் தலா 780 ரூபாய். கடையின் பெயரை எழுதப் போவதில்லை, ஆனால் நடந்ததில் எதையும் மறைக்கவும் போவதில்லை.

என் மகளுக்கு நான்கு மாதம் முடிந்திருக்கிறது. நான் வேலைக்குத் திரும்பிவிட்டதால், பீய்ச்சி வைத்துவிட்டுப் போகும் தாய்ப்பாலைப் பகலில் என் அம்மா பாலாடையிலும் பாட்டிலிலும் புகட்டுகிறார். தாய்ப்பாலின் கொழுப்பு பிளாஸ்டிக் சுவரில் மெழுகுபோல் ஒட்டிக்கொள்ளும். வெறும் தண்ணீருக்கு அது போகாது. பாத்திரம் துலக்கும் சோப்பைக் குழந்தையின் பொருளில் போட மனம் வரவில்லை என்பதால்தான் தனித் திரவம் தேடிப் போனேன்.

கல்லாவில் இருந்தவர், “நீங்க எடுங்க தங்கச்சி, இது முழுக்கப் பூந்திக்கொட்டையும் எலுமிச்சையும்தான்” என்றார். நான் தயங்கியதைப் பார்த்து மூடியைத் திறந்து, விரலில் ஒரு சொட்டைத் தொட்டுத் தம் நாக்கில் வைத்துக் காட்டினார். “பாருங்க, உணவுத் தரம். அலசக்கூடத் தேவையில்லை. ஸ்ப்ரே அடிச்சிட்டா கொதிக்க வைக்கிற வேலையும் மிச்சம்.” உடன் வந்த அம்மா, “அவரே வாயில வச்சிட்டாரேடி, இன்னும் என்ன?” என்றார். அந்த இடத்தில்தான் ஏமாந்தேன். ஒரு பெரியவர் ஒரு சொட்டை நாக்கில் வைப்பதற்கும், ஆறு கிலோ எடைகூட இல்லாத ஒரு பிள்ளை நாளுக்கு ஐந்தாறு வேளை அதைப் பாலோடு குடிப்பதற்கும் உள்ள வேறுபாடு அப்போது எனக்கு உறைக்கவில்லை.

கொஞ்சம் நிதானமாகப் பார்த்திருந்தால் அங்கேயே தெரிந்திருக்கும். பூந்திக்கொட்டையை ஊறவைத்துக் கொதிக்கவைத்து வடித்த நீர் பழுப்பு நிறமாக, தண்ணீர்போல் ஓடும். பதப்படுத்தாமல் வெளியில் வைத்தால் சில நாட்களிலேயே புளித்து நாறிவிடும். நம் பாட்டிமார் பட்டுப் புடவைக்கும் தலைக்கும் அதை அவ்வப்போது வடித்துக்கொண்டது இதனால்தான். எனக்குத் தந்த திரவமோ கண்ணாடிபோல் தெளிவாக, தேன்போல் கெட்டியாக இருந்தது. அந்தக் கெட்டித்தன்மையைத்தான் நாம் சத்து என்று நினைத்துக்கொள்கிறோம். பாத்திரத் திரவங்களில் நுரைக்காகச் சேர்க்கும் எஸ்.எல்.இ.எஸ். போன்ற பொருளின் கரைசலில் சாதாரண உப்பைப் போட்டாலே அது கெட்டியாகிவிடும். கெட்டியாக இருப்பதற்கும் நன்றாகக் கழுவுவதற்கும் தொடர்பில்லை. இன்னொன்று, உண்மையிலேயே பூந்திக்கொட்டையாக இருந்தாலும் அது உணவு அல்ல. அதன் நுரை கண்ணில் பட்டால் என்ன எரி எரியும் என்பது எண்ணெய்க் குளியல் கண்டவர்களுக்குத் தெரியும். இயற்கையானது என்பதால் அலசாமல் விடலாம் என்று ஆகிவிடாது.

மூன்றாம் நாள் குழந்தை பாட்டிலைக் கண்டதும் முகத்தைத் திருப்பத் தொடங்கினாள். அதே பாலைப் புதுப் பாலாடையில் கொடுத்தால் குடித்தாள். நான்காம் நாள் வயிற்றுப்போக்கு. மருத்துவரிடம் பாட்டிலையும் எடுத்துப் போயிருந்தேன். அவர் அதில் பாதியளவு குடிதண்ணீர் ஊற்றி, மூடிக் குலுக்கி, மேசைமேல் வைத்துவிட்டுக் குழந்தையைப் பரிசோதித்தார். திரும்பி வந்து பார்த்தபோதும் தண்ணீரின் மேல் விரற்கடை உயரத்துக்கு வெண்ணுரை அப்படியே நின்றது. “இதனாலதான் போகுதுன்னு நான் உறுதியாச் சொல்ல முடியாதும்மா; ஆனா இது பாட்டில்ல இருக்கக் கூடாது” என்றார். நல்லவேளையாக உடலில் நீர் வற்றவில்லை. இரண்டு நாளில் சரியாகிவிட்டது.

அன்று மாலையே கடைக்குத் தொலைபேசியில் பேசினேன். முதல் பதில், “உங்க ஏரியா போர் தண்ணி, உப்புத் தண்ணி, அதனாலதான் நுரை.” இது தலைகீழான பேச்சு. உப்புத் தண்ணீரில் நுரை குறையுமே தவிர அதிகமாகாது. துணி துவைக்கும் எவருக்கும் தெரியும். கேன் தண்ணீரில் குலுக்கியும் நுரை நின்றது என்று சொன்னேன். அடுத்த பதில், “பிள்ளைக்குப் பல்லு முளைக்கும், அதான் குடிக்க மாட்டேங்குது.” அதற்கடுத்த நாள், “பழக ஒரு வாரம் ஆகும் தங்கச்சி.” எதற்குப் பழக வேண்டும், சோப்புத் தண்ணீர் குடிக்கவா? நேரில் போனபோது என்னைத் தங்கச்சி என்று அழைத்தவர் தலை நிமிரவே இல்லை; வேலைக்கார இளைஞர் ஒருவர், “ஓனர் ஊர்ல இல்லக்கா, பிரிச்ச பொருள எடுக்க மாட்டோம்” என்றார். அந்த ஓனர்தான் இரண்டு அடி தள்ளி உட்கார்ந்து கணக்கு எழுதிக்கொண்டிருந்தார்.

பில்லைக் காட்டலாம் என்று கைப்பையைத் திறந்தபோதுதான் அந்தத் துண்டுச் சீட்டைச் சரியாகப் பார்த்தேன். மேலே ‘எஸ்டிமேட்’ என்று அச்சிட்டிருந்தது. கடைப் பெயர் இல்லை, வரி எண் இல்லை; 2,340 என்ற தொகை மட்டும் பேனாவால் எழுதப்பட்டிருந்தது. கேன்களிலும் அதே லட்சணம்: தயாரித்தவர் பெயர், முகவரி, தயாரித்த மாதம் என எதுவும் இல்லை, ‘100% இயற்கை’ என்ற ஒட்டுத்தாளும் அதன் கீழ் ஒரு 14 இலக்க எண்ணும் மட்டுமே இருந்தன. அந்த எண் உணவுப் பொருள் விற்பவர்களுக்கான உரிம எண்ணைப் போன்றது. கழுவும் திரவத்துக்கு உணவு உரிமம் எதற்கு என்று கேட்டேன். பதில் இல்லை.

என் 2,340 ரூபாய் போனது போகட்டும் என்று விட மனமில்லாமல், இரவு அடுப்படியில் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். அந்தத் திரவத்தில் ஒரு சொட்டைக் கடைக்காரர் சொன்னபடி நேராகப் பாட்டிலுக்குள் விட்டுத் தேய்த்தபின், நுரை முற்றிலும் அடங்க ஏழு முறை தண்ணீர் நிரப்பிக் குலுக்கிக் கொட்ட வேண்டியிருந்தது. மணமில்லாத சாதாரணத் திரவத்தில் அரைத் தேக்கரண்டியை இரண்டு லிட்டர் வெந்நீரில் கரைத்து, அந்த நீரில் கழுவிய பாட்டிலுக்கு மூன்று முறை போதுமாக இருந்தது. எந்தத் திரவம் என்பதைப் போலவே எவ்வளவு திரவம், அது பாட்டிலில் எப்படிப் போய்ச் சேர்கிறது என்பதும் அலசலைத் தீர்மானிக்கிறது. நேரடியாக விட்ட சொட்டு அடிமூலையிலும் மூடியின் மரையிலும் கெட்டியாக ஒட்டிக்கொள்கிறது. கரைத்த நீர் வழிந்து போய்விடுகிறது.

நிப்பிள்தான் கடைசி வரை தோற்கடித்தது. சிலிக்கான் மணத்தைப் பிடித்துக்கொள்ளும். நுரை அடங்கிய பிறகும், கொதிக்கவைத்த பிறகும், வெதுவெதுப்பான நீர் ஊற்றிப் பத்து நிமிடம் மூடிவைத்துத் திறந்தால் எலுமிச்சை வாடை குப்பென்று வந்தது. என் பிள்ளை முகத்தைத் திருப்பியது இதற்காகத்தான் என்று நினைக்கிறேன். நான்கு நிப்பிள்களையும் குப்பையில் போட்டேன். அதை அந்த 2,340இல் நான் சேர்க்கவில்லை.

ஸ்ப்ரேயைப் பற்றி ஒரு சொல். பாட்டிலுக்கென்று விற்கும் முறையான கிருமிநீக்கியில் எவ்வளவு தண்ணீரில் எவ்வளவு கலக்க வேண்டும், எத்தனை நிமிடம் ஊற வேண்டும் என்று எழுதியிருக்கும். இதில் என்ன மருந்து என்பதே இல்லை. பால் படிவு போகாத பரப்பில் எதை அடித்தாலும் கிருமி அதன் அடியில் இருக்கத்தான் செய்யும். முதலில் கழுவ வேண்டும், பிறகுதான் கிருமிநீக்கம். ஒன்றுக்கு மற்றொன்று மாற்றாகாது.

எதை வாங்குவது, எப்படிக் கழுவுவது என்று விரிவாக எழுத நினைத்திருந்தேன். குழந்தை எழுந்துவிட்டதால் அவசரமாகச் சொல்லிவிடுகிறேன். மணமும் நிறமும் இல்லாத, தயாரித்தவர் முகவரியும் உட்பொருள் பட்டியலும் உள்ள திரவத்தை மட்டும் எடுங்கள். ‘அலச வேண்டாம்’ என்று யார் சொன்னாலும் அந்தக் கடையை விட்டு வெளியே வந்துவிடுங்கள். புகட்டி முடித்தவுடன் முதலில் பச்சைத் தண்ணீரில் அலசுங்கள். எடுத்த எடுப்பில் வெந்நீர் ஊற்றினால் பாலின் புரதம் இறுகி ஒட்டிக்கொள்ளும். பிறகு எல்லாப் பாகங்களையும் கழற்றி, இதற்கென்றே வைத்த தனிப் பாத்திரத்தில் கரைத்த சோப்பு நீரில் பிரஷ்ஷால் தேய்த்து, நிப்பிள் துளை வழியே நீரைப் பீய்ச்சி, ஓடும் குழாய் நீரில் அலசுங்கள்; அதே பாத்திரத்து நீரில் முக்கி எடுப்பது அலசல் ஆகாது. பாலாடையின் மூக்கில்தான் பால் தங்கும், அங்கே சிறு பிரஷ் போக வேண்டும். கடைசியாகத் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி, நுரை நிற்கிறதா என்று பாருங்கள். அதன்பின் தண்ணீர் தளதளவென்று கொதிக்கத் தொடங்கியதிலிருந்து ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு, துடைக்காமல் காற்றில் உலரவிடுங்கள். நம் ஊர்த் தண்ணீரில் கொதித்த பாட்டிலில் வெள்ளைப் பொடி படிந்தால் அது சோப்பு அல்ல, உப்பு; எலுமிச்சைச் சாறு கலந்த நீரில் ஊறவைத்தால் போய்விடும். ஆனால் குளோரின் சேர்ந்த கிருமிநீக்கி பயன்படுத்துபவர்கள் அதனுடன் எலுமிச்சையையோ வினிகரையோ ஒருபோதும் சேர்க்க வேண்டாம். நச்சு வாயு வரும்.

பில் என்று கேட்டு, ‘எஸ்டிமேட்’ என்று இல்லாத பில்லை வாங்குங்கள். நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்திருக்கிறேன். பில் இல்லாததால் கைப்பேசியில் பணம் செலுத்திய பதிவைத்தான் கொடுத்திருக்கிறேன். இன்று காலை அந்தத் தெரு வழியாகப் போனபோது, அதே கேன்கள் கல்லாவுக்கு அருகில் அடுக்கியிருந்தன. கைக்குழந்தையோடு ஒரு பெண் நின்றிருந்தார், அந்த ஓனர் மூடியைத் திறந்துகொண்டிருந்தார்.