15 சதவீதமா, 11.5 சதவீதமா: இரண்டு ஃபண்டுகளை ஒரே ஆட்டத்துக்குக் கொண்டுவந்தால்

வேக ஃபண்ட், நிதான ஃபண்ட் என்று இரண்டை வைத்துக்கொள்வோம். எண்கள் கணக்குக்காக நான் போட்டவை. வேக ஃபண்ட் ஆண்டுக்கு 15% கொடுத்தது. அதன் ஏற்ற இறக்கம், அதாவது ஃபேக்ட்ஷீட்டில் திட்டவிலக்கம் என்று வருவது, 24%. நிதான ஃபண்ட் 11.5%, ஏற்ற இறக்கம் 10%. அதே காலத்தில் சந்தைக் குறியீடு 12% கொடுத்து 16% ஆடியது. ரிஸ்க் இல்லாத வட்டி 7%.

வருமானத்தை மட்டும் பார்த்தால் பேச்சே இல்லை, வேக ஃபண்ட்தான். நிதான ஃபண்ட் குறியீட்டையே தாண்டவில்லை.

ஷார்ப் விகிதம் இதை மாற்றிச் சொல்கிறது. 7 சதவீதத்துக்கு மேல் கிடைத்ததை ஏற்ற இறக்கத்தால் வகுத்தால் வேக ஃபண்டுக்கு 0.33, நிதான ஃபண்டுக்கு 0.45, குறியீட்டுக்கு 0.31. சரி, நிதானம் மேல். ஆனால் 0.12 வித்தியாசம் என்றால் பணத்தில் எவ்வளவு? அது ஷார்ப்பில் தெரியாது.

இந்த இடத்துக்குத்தான் 1997இல் ஃபிராங்கோ மோடிகிலியானியும் அவருடைய பேத்தி லியாவும் ஒரு வழி சொன்னார்கள். தாத்தா 1985இல் பொருளாதார நோபல் வாங்கியவர். இருவருக்கும் ஒரே குடும்பப் பெயர் என்பதால் அளவீட்டுக்கு எம்-ஸ்கொயர் என்று பெயர் நிலைத்துவிட்டது. ஒவ்வொரு ஃபண்டையும் சந்தை ஆடிய அளவுக்கே ஆட வைத்து, அப்போது என்ன கிடைத்திருக்கும் என்று கேட்பதுதான் யோசனை.

```
M2 = Rf + (Rp - Rf) * (σm / σp)
```

Rf ரிஸ்க் இல்லாத வட்டி, Rp ஃபண்டின் வருமானம், σm சந்தையின் ஏற்ற இறக்கம், σp ஃபண்டின் ஏற்ற இறக்கம். சூத்திரத்தை விட, பணத்தை நகர்த்திப் பார்த்தால் எளிதில் புரியும். வேக ஃபண்ட் 24% ஆடுகிறது; நமக்கு 16% போதும். அதனால் 100 ரூபாயில் மூன்றில் இரண்டு பங்கை மட்டும் ஃபண்டில் போட்டு, மீதியை 7% தரும் கருவூலப் பத்திரத்தில் வைக்கிறோம். ஃபண்டிலிருந்து 10 ரூபாய், பத்திரத்திலிருந்து 2.33, மொத்தம் 12.33%. நிதான ஃபண்டுக்கு நேர்மாறு. 10 சதவீதத்தை 16 ஆக்க, 60 ரூபாய் கடன் வாங்கி 160 ரூபாயைப் போட வேண்டும். 18.40 வருகிறது, வட்டி 4.20 போக 14.2%.

இப்போது மூன்றும் ஒரே அலகில்: 12.33, 14.2, குறியீடு 12. பதினைந்து சதவீத ஃபண்ட் குறியீட்டை வென்றது வெறும் 0.33 புள்ளிதான், மற்றது 2.2 புள்ளி. வரிசை ஷார்ப் சொன்னதேதான், அது எப்போதுமே மாறாது. இடைவெளி சதவீதத்தில் தெரிகிறது, அவ்வளவே. எனக்கு அதுவே பெரிய வசதி.

ஆல்ஃபாவோடு வைத்துப் பார்ப்பது இன்னும் சுவாரசியம். சந்தை 1% நகர்ந்தால் ஃபண்ட் சராசரியாக எத்தனை சதவீதம் நகரும் என்பது பீட்டா; அந்த பீட்டாவுக்குக் கிடைத்திருக்க வேண்டியதைவிட ஃபண்ட் எவ்வளவு கூடுதலாகக் கொடுத்தது என்பது ஆல்ஃபா. வேக ஃபண்டின் பீட்டா 1.3, நிதான ஃபண்டினுடையது 0.6 என்று கொள்ளுங்கள். குறியீடு 7 சதவீதத்துக்கு மேல் கொடுத்தது 5. எனவே ஜென்சன் ஆல்ஃபா முதலதற்கு 15 − (7 + 1.3 × 5) = 1.5. இரண்டாவதற்கு 11.5 − (7 + 0.6 × 5) = 1.5. சமம்! காரணம், பீட்டா சந்தையோடு சேர்ந்த ஆட்டத்தை மட்டுமே பிடிக்கிறது. வேக ஃபண்டின் 24 சதவீதத்தில் தேர்ந்தெடுத்த சில பங்குகளால் வந்த தனி ஆட்டமும் கலந்திருக்கிறது; ஆல்ஃபாவின் கண்ணுக்கு அது படாது. அப்புறம், நிதான ஃபண்டையே 60 ரூபாய் கடனோடு 1.6 மடங்காக்கினால் ஆல்ஃபா 2.4 ஆகிவிடும். மேலாளர் புதிதாக எதுவும் செய்யவில்லை. எம்-ஸ்கொயரோ 14.2இலேயே நிற்கும். ஆனால் பத்து ஃபண்டுகளில் ஒன்றாக ஒரு சிறு பங்கை மட்டும் சேர்க்கிறீர்கள் என்றால் அந்தத் தனி ஆட்டம் மற்றவற்றோடு கலந்து பெரும்பாலும் அடங்கிவிடும். அங்கே ஆல்ஃபாவே பொருத்தம். மொத்தச் சேமிப்பும் ஒரே ஃபண்டில் என்றால் எம்-ஸ்கொயர்.

இதன் பலவீனம் அந்த 60 ரூபாயில் இருக்கிறது. 7 சதவீதத்துக்கு உங்களுக்கும் எனக்கும் யார் கடன் தருகிறார்கள்? வட்டி 10% என்றால் 18.40இல் 6 போய் 12.4 மிஞ்சும், வேக ஃபண்டை மயிரிழையில் தாண்டும். 11% என்றால் 11.8, குறியீட்டுக்கும் கீழே. எனவே ஆட்டம் குறைந்த ஃபண்டுக்கு மிக உயரமான எண் வந்தால் உங்கள் கடன் வட்டியைப் போட்டு ஒருமுறை திரும்பக் கணக்கிடுங்கள். ஆட்டம் கூடின ஃபண்டுக்கு இந்தச் சிக்கலே இல்லை. பணத்தைப் பத்திரத்தில் வைக்க யாரும் தடுக்கப் போவதில்லை.

இன்னொன்று, சந்தை சரிந்த காலங்களில் வருவது. இரண்டு ஃபண்டுகள் ஒரே 4% கொடுத்தன, ஒன்று 10% ஆடியது, மற்றொன்று 20%. சூத்திரம் முதலதற்கு 2.2, இரண்டாவதற்கு 4.6 தருகிறது. அதிகம் ஆடியது மேலே! வருமானம் 7 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்போது ஷார்ப்பிடமிருந்து வந்த இந்தக் கோளாறு எம்-ஸ்கொயரிலும் அப்படியே இருக்கிறது. அந்தக் காலத்து எண்களை வைத்து நான் ஃபண்டுகளை வரிசைப்படுத்த மாட்டேன்.