x² = t: பன்னிரண்டு வருடம் புழங்கிய ஒரு வரி

மார்த்தாண்டத்தில் எங்கள் வீட்டு மாடியில் பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கத் தொடங்கி 12 வருடம் ஆகிறது. இத்தனை காலத்தில் நான் கரும்பலகையில் அதிகம் எழுதிய வரி எதுவென்று கேட்டால் `x² = t` என்றுதான் சொல்வேன். நாற்படிச் சமன்பாட்டில் `x³`-உம் `x`-உம் இல்லாமல் `x⁴`, `x²`, மாறிலி மூன்றும் மட்டும் இருந்தால், அது இருபடிச் சமன்பாடுதான். வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்திருக்கிறது. `x²`-க்குப் பதிலாக `t` போட்டதும் சட்டை கழன்றுவிடும். இந்த முறை எனக்கு எங்கெல்லாம் கைகொடுத்தது, எங்கே இதை விட்டு வேறு வழிக்குப் போனேன், எங்கே இதை நம்பி ஒருவருக்குத் தப்பான அளவு சொன்னேன் என்பதை எழுதி வைக்க நினைக்கிறேன்.

முதலில் எல்லாருக்கும் தெரிந்த கணக்கு.

`x⁴ − 13x² + 36 = 0`

`x² = t` என்றால் `t² − 13t + 36 = 0`. அதாவது `(t − 4)(t − 9) = 0`. `t` 4 அல்லது 9. ஆகவே `x = ±2, ±3`.

இதில் பிள்ளைகள் தடுமாறும் இடம் வருடாவருடம் ஒன்றேதான். `t = 4, 9` என்று வந்ததும் அதற்குக் கீழே இரண்டு கோடு போட்டு முடித்துவிடுவார்கள். காரணிப்படுத்துவதுதான் கஷ்டமான வேலை. அது முடிந்ததும் கணக்கே முடிந்தது போலத் தோன்றுகிறது. நான் சொல்லும் சோதனை இது: நாற்படி என்றால் மூலங்கள் நான்கு, உன் விடையில் எத்தனை இருக்கிறது என்று எண்ணிப் பார். `x³` இல்லாததால் நான்கையும் கூட்டினால் பூஜ்யம் வர வேண்டும். 4-ஐயும் 9-ஐயும் கூட்டினால் பூஜ்யம் வராது. அப்போதும் சந்தேகம் என்றால் 9-ஐ `x`-இல் போட்டுப் பார்க்கச் சொல்வேன்: 6561 − 1053 + 36, மொத்தம் 5544. பூஜ்யத்துக்குப் பக்கத்தில்கூட இல்லை.

இரண்டாவது தடுமாற்றம் `t` குறை எண்ணாக வரும்போது. `x⁴ − 5x² − 36 = 0` என்றால் `t = 9, −4`. குறைக் குறியைக் கண்டுகொள்ளாமல் `x = ±3, ±2` என்று எழுதுகிறவர்கள் உண்டு. 2-ஐ போட்டுப் பார்த்தால் 16 − 20 − 36 = −40. சரியான விடை `±3, ±2i`. மாறிலி குறை எண்ணாக இருந்தால் இரண்டு `t`-களில் ஒன்று மிகை, மற்றது குறை. ஆக மெய் மூலங்கள் இரண்டுதான். தீர்க்காமலே இதைச் சொல்லிவிடலாம், பிள்ளைகளுக்கும் இது பிடிக்கும்.

இதுவரை `t` என்னைக் கைவிட்டதில்லை. அப்புறம் ஒரு மழைக்கால மாலையில் ஒரு பையன் இந்தக் கணக்கைக் கொண்டுவந்தான்.

`x⁴ − 6x² + 25 = 0`

`t² − 6t + 25 = 0` என்றால் தன்மைகாட்டி 36 − 100 = −64. `t = 3 ± 4i`. இங்கே வந்து நின்றான். "சார், இதுக்கு எப்படி வர்க்கமூலம் எடுக்க?" எடுக்கலாம். `a + bi` என்று வைத்து, `a² − b² = 3`, `2ab = 4` என்று தீர்த்தால் `±(2 + i)` கிடைக்கும், இன்னொன்றுக்கு `±(2 − i)`. ஆனால் அந்த இரண்டு சமன்பாட்டைத் தீர்க்கப் போனால் அங்கேயும் ஒரு நாற்படிச் சமன்பாடு வந்து நிற்கிறது. வேலை ஒரு சுற்றுச் சுற்றித் தொடங்கிய இடத்துக்கே வருகிறது.

அன்று `t`-ஐ அழித்துவிட்டு வேறு விதமாக எழுதிக் காட்டினேன். `x⁴`-உம் 25-உம் முழு வர்க்கங்கள். அவை இரண்டையும் சேர்த்து `(x² + 5)²` ஆக்கினால் நடுவில் `+10x²` வரும். நமக்கு வேண்டியது `−6x²`. எனவே `16x²` கழிக்க வேண்டும்.

`(x² + 5)² − 16x² = 0`
`(x² + 4x + 5)(x² − 4x + 5) = 0`

இனி இரண்டு சாதாரண இருபடிச் சமன்பாடுகள்தான். மூலங்கள் `−2 ± i`, `2 ± i`. கலப்பெண்ணுக்கு வர்க்கமூலம் தேடும் வேலையே இல்லை.

`t` கலப்பெண்ணாக வரும் எல்லாக் கணக்குக்கும் இது ஒத்துவரும். `x⁴ + bx² + c = 0` என்பதில் தன்மைகாட்டி குறை எண் என்றால் `b²`, `4c`-ஐவிடச் சிறியது. அப்படியானால் `c` மிகை எண், `2√c` என்பது `b`-ஐவிடப் பெரியது. கழிக்க வேண்டிய `(2√c − b)x²` எப்போதும் மிகையாகத்தான் இருக்கும், அதற்கு வர்க்கமூலம் எடுக்கலாம். ஆக என் பழக்கம் இப்படி ஆயிற்று: முதலில் `b² − 4c` பார்ப்பேன். மிகை என்றால் `t`. குறை என்றால் நடுவில் கூட்டிக் கழித்து முழு வர்க்கம்.

இந்த இரண்டாவது வழி இன்னொரு இடத்திலும் வேலை செய்கிறது என்பது நிலக் கணக்கு போட்டபோதுதான் எனக்கு உறைத்தது. வகுப்புக்காக நானே ஒரு கணக்கு வைத்திருந்தேன்: செவ்வகமான மனை, பரப்பு 3000 சதுர அடி, மூலைவிட்டம் 85 அடி, பக்கங்கள் எவ்வளவு? பக்கங்கள் `x`, `y` என்றால் `xy = 3000`, `x² + y² = 7225`. `y`-ஐ நீக்கினால்

`x⁴ − 7225x² + 9000000 = 0`

`t` போட்டுத் தீர்த்தால் தன்மைகாட்டி 52200625 − 36000000 = 16200625. அதன் வர்க்கமூலம் 4025 என்று கண்டுபிடிப்பதற்குள் பிள்ளைகளுக்கு வியர்த்துவிடும். `t = 5625` அல்லது `1600`. பக்கங்கள் 75 அடி, 40 அடி.

முழு வர்க்க வழியில் போனால் இரண்டே வரி:

`(x + y)² = 7225 + 6000 = 13225`, ஆக `x + y = 115`
`(x − y)² = 7225 − 6000 = 1225`, ஆக `x − y = 35`

கூட்டிப் பாதி 75, கழித்துப் பாதி 40. பெரிய எண் எதையும் தொடவில்லை.

இதை வைத்துக்கொண்டுதான் மாமாவுக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தேன். திருவட்டார் பக்கம் அவருக்கு ஒரு விளை உண்டு. பத்திரத்தில் 7 சென்ட். நாலு மூலையிலும் கல் இருக்கிறது. ஆனால் பக்கங்களில் கையாலை நெடுகப் புதர் மண்டிக் கிடந்ததால் டேப்பை நேராகப் பிடிக்க முடியவில்லை. நடுவில் வெறும் தரை. "மக்களே, மூலைக்கு மூலை அளந்தாச்சு, ரெண்டும் ஒண்ணுபோல வருது, 78 அடி 1 அங்குலம். பக்கம் எவ்வளவுன்னு சொல்லு, கொத்தனார் பிளான் கேக்கான்" என்றார் போனில். இரண்டு மூலைவிட்டமும் சமம் என்றதால் செவ்வகம் என்று வைத்துக்கொண்டேன்.

ஒரு சென்ட் 435.6 சதுர அடி. 7 சென்ட் 3049.2. அதன் இரட்டிப்பு 6098.4. 78 அடி 1 அங்குலத்தின் வர்க்கம் சுமார் 6097. கழித்தால் குறை எண். தன்மைகாட்டி குறை எண்ணானால் இங்கே கலப்பெண் விடைக்கு அர்த்தமில்லை. அப்படி ஒரு மனையே இருக்க முடியாது. மறுபடி அளக்கச் சொன்னேன். இந்த முறை 78 அடி ஒன்றேகால் அங்குலம் என்றார். வர்க்கம் சுமார் 6100. கழித்தால் 1.6, வர்க்கமூலம் 1.26. `x + y` சுமார் 110.4. பக்கங்கள் 55.86, 54.59. "கிட்டத்தட்டச் சதுரம் மாமா" என்று சொல்லிவிட்டேன். கொத்தனார் அதை வைத்துப் பிளான் போட்டார்.

புதரை வெட்டி டேப் பிடித்தபோது ஒரு பக்கம் 60 அடி, மற்றது 50.

கணக்கில் ஒரு படியும் தப்பில்லை, எத்தனையோ முறை சரிபார்த்தேன். தப்பு பத்திரத்து 7 சென்ட்டில் இருந்தது. 60-ஐ 50-ஆல் பெருக்கினால் 3000 சதுர அடி, அதாவது 6.887 சென்ட். யாரோ எப்போதோ அதை 7 என்று முழுதாக்கி எழுதியிருக்கிறார்கள். வித்தியாசம் 49 சதுர அடிதான், ஒரு சின்னக் குளியலறை அளவு. ஆனால் உண்மையில் `(x − y)²` என்பது 6100 − 6000 = 100, நான் கண்டது 1.6. பத்தடி வித்தியாசம் ஒன்றேகால் அடியாகச் சுருங்கிப்போனது அப்படித்தான். கால் அங்குலத்தில் ஒரு மனை இல்லாமல் போய், மறுபடி வந்ததே, அப்போதே நான் சுதாரித்திருக்க வேண்டும். இரண்டு பெரிய எண்கள் ஏறக்குறையச் சமமாக இருந்து ஒன்றை ஒன்றிலிருந்து கழிக்கும்போது, மிஞ்சுவதில் பாதிக்கு மேல் அளவெடுத்த பிழைதான் இருக்கும்.

இதில் எனக்கு ஆச்சரியம், கூட்டுத்தொகை மட்டும் அசையவே இல்லை. நான் சொன்னதன்படி சுற்றளவு 220.9 அடி, உண்மையில் 220 அடி. வேலிக்குக் கம்பி வாங்கக் கேட்டிருந்தால் மாமாவுக்கு ஒரு குறையும் வந்திருக்காது. வீட்டுக்கு அகலம் கேட்டார், அங்கே மாட்டிக்கொண்டேன். 40-க்கு 75 போன்ற நீளமான மனையாக இருந்திருந்தால் இதே பிழை இவ்வளவு ஆட்டம் காட்டாது. பரப்பை 49 சதுர அடி கூட்டி எடுத்தாலும் 75 என்பது ஏறக்குறைய 74.5 ஆகும், 40 என்பது 40.9 ஆகும்.

பிளான் திரும்பப் போட்டார்கள். மாமா ஒன்றும் சொல்லவில்லை, கொத்தனார்தான் முணுமுணுத்தார். இப்போது யாராவது மூலைவிட்டமும் சென்ட்டும் சொல்லிப் பக்கம் கேட்டால், `t` போடுவதற்கு முன்னால் மூலைவிட்ட வர்க்கத்திலிருந்து பரப்பின் இரட்டிப்பைக் கழித்துப் பார்க்கிறேன். ஆயிரக்கணக்கில் மிஞ்சினால் விடை சொல்கிறேன். நூறுக்குள் நின்றால், வெட்டுக்கத்தியோடு போய் ஒரு பக்கத்தையாவது டேப் வைத்து அளந்துவிட்டு வரச் சொல்கிறேன்.